மென்டர் ஜோடி: ஹெச்.ஆர். போடுவதா, ஜூனியர் தேர்ந்தெடுப்பதா, இரண்டு பக்கமும் பட்டியல் தருவதா?

தரமணியில் எங்கள் ஆபீஸில் மென்டரிங் இப்போது மூன்றாவது சுற்று. மூன்று சுற்றிலும் ஜோடி சேர்த்த விதம் வேறு வேறு என்பதால் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

முதல் சுற்றில் ஹெச்.ஆர். ஒரு மதியத்தில் எக்செல் ஷீட்டில் வேலையை முடித்துவிட்டார்கள். வேகம்தான் அதில் ஒரே லாபம். ஒரே டிபார்ட்மென்ட் என்று பார்த்துச் சேர்த்ததால் சீனியர் இன்னொரு மேனேஜர் மாதிரி ஆகிவிட்டார், ஒரு மாதத்துக்குள் பேச்சு முழுக்க டிக்கெட் ஸ்டேட்டஸ்தான். அப்ரைசலில் கை இருக்கிறவரிடம் "எனக்கு இது தெரியாது" என்று எந்த ஜூனியரும் வாய் திறக்க மாட்டார்.

இரண்டாவது சுற்றில் ஜூனியர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றோம். நல்ல எண்ணம்தான், ஆனால் பெரும்பாலானவர்கள் ஒரே ஆர்கிடெக்டின் பெயரை எழுதினார்கள். டவுன்ஹாலில் பேசுகிறவரைத்தானே எல்லோருக்கும் தெரியும்? அவருக்கு ஐந்து பேர், டேட்டாபேஸில் பதினைந்து வருடம் ஊறிய ஒரு சீனியருக்கு ஒருவர்கூட இல்லை.

இந்த முறை இரண்டு பக்கமும் விருப்ப வரிசை தருகிறார்கள். 1962இல் கணிதவியலாளர்கள் டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் கல்லூரிச் சேர்க்கைக்காக எழுதிய முறை இது, மூன்று பேரை வைத்துப் பார்த்தாலே புரிந்துவிடும். டெஸ்டிங் பெண்ணின் வரிசை ஆர்கிடெக்ட், டெலிவரி மேனேஜர், டேட்டாபேஸ் சீனியர். சப்போர்ட் பையனுக்கு ஆர்கிடெக்ட், டேட்டாபேஸ், டெலிவரி. ஆண்ட்ராய்டு பையனுக்கு டெலிவரி, ஆர்கிடெக்ட், டேட்டாபேஸ். அந்தப் பக்கம், ஆர்கிடெக்டுக்கு முதலில் சப்போர்ட், பிறகு டெஸ்டிங், கடைசியில் ஆண்ட்ராய்டு. டெலிவரி மேனேஜருக்கு டெஸ்டிங், ஆண்ட்ராய்டு, சப்போர்ட்.

ஒவ்வொரு ஜூனியரும் முதல் விருப்பத்தைக் கேட்கிறார். ஆர்கிடெக்டிடம் இரண்டு பேர் வருகிறார்கள், அவர் சப்போர்ட் பையனைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு டெஸ்டிங் பெண்ணை விடுகிறார். அந்தப் பெண் டெலிவரி மேனேஜரிடம் போகிறார், அங்கே ஏற்கெனவே ஆண்ட்ராய்டு பையன் இருந்தாலும் மேனேஜரின் வரிசையில் இவர்தான் மேலே, அதனால் பையன் வெளியே. அவன் ஆர்கிடெக்டைக் கேட்கிறான், அங்கேயும் இடமில்லை, கடைசியில் டேட்டாபேஸ் சீனியர். இப்போது யாரும் ஜோடியை மாற்றிக்கொள்ள வழியில்லை, ஏனென்றால் அவன் ஆசைப்படும் இரண்டு பேருமே தங்களிடம் இருப்பவரைத்தான் அவனைவிட மேலே வைத்திருக்கிறார்கள், டெஸ்டிங் பெண் ஆசைப்பட்ட ஆர்கிடெக்டும் சப்போர்ட் பையனைத்தான் மேலே வைத்திருக்கிறார்.

ஆனால் நிலையான ஜோடி என்றால் எல்லோருக்கும் பிடித்த ஜோடி என்று அர்த்தமில்லை, அவனுக்குக் கிடைத்தது மூன்றாவது விருப்பம். அதோடு பட்டியல் எதை வைத்துப் போடப்படுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நாங்கள் ஜூனியரின் பெயர், காலேஜ், டீம் மூன்றையும் மறைத்துவிட்டு, "ஆறு மாதத்தில் எது கைவர வேண்டும்" என்று அவர்கள் எழுதிய நான்கு வரியை மட்டும் சீனியர்களிடம் கொடுத்தோம். நேரடி மேனேஜரை யாரும் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்ற விதியும் உண்டு. வேலை அதிகம்தான், ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

சரி, முடிப்பது எப்படி? முதல் இரண்டு சுற்றிலும் முடிவுத் தேதி வைக்கவில்லை, நட்பு தானாக ஓடட்டும் என்று விட்டோம். ஓடவில்லை, தேய்ந்துபோனது. ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு சந்திப்பைத் தள்ளிப்போட்டால், ஜூனியர் ஒரு கேள்விகூட இல்லாமல் வந்து உட்கார்ந்தால், உள்ளே ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று பொருள். யார் முதலில் சொல்வது என்ற சங்கடத்தில் இரண்டு பேரும் லிஃப்டில் முகம் பார்க்காமல் நிற்பார்கள். 1983இலேயே ஆய்வாளர் கேத்தி கிராம் இந்த உறவைப் பற்றி எழுதும்போது பிரிவை ஒரு தனிக் கட்டமாகவும், அதற்குப் பிறகு உறவு வேறு வடிவம் எடுப்பதை இன்னொரு கட்டமாகவும் பிரித்துக் காட்டியிருக்கிறார். அந்தக் கட்டத்துக்குத்தான் நாங்கள் இடமே வைக்கவில்லை.

இப்போது ஆறு மாதம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சந்திப்பு, முதல் நாளே முடிவுத் தேதி இரண்டு காலண்டரிலும் ஏறிவிடும். ஆறாவது வாரத்தில் ஒரு கதவு திறக்கும். யார் வேண்டுமானாலும் ஹெச்.ஆருக்கு ஒரு வரி அனுப்பினால் போதும், காரணம் கேட்க மாட்டார்கள், இரண்டு பேருக்கும் "இந்த ஜோடி இத்துடன் முடிகிறது" என்ற ஒரே வாக்கியம் போகும். மூன்றாவது விருப்பம் கிடைத்தவர்களிடம் மட்டும் நாங்களே போய்க் கேட்கிறோம்.

கடைசிச் சந்திப்புக்கு ஜூனியர் அந்த நான்கு வரியை எடுத்துவர வேண்டும். எது வந்தது, எது வரவில்லை, வராததை இனி யாரிடம் கற்பது என்று பேசி, அந்த ஆளுக்கு அங்கேயே சீனியர் ஒரு அறிமுக மெயில் போடுகிறார். இனிமேல் தொடர்பு வேண்டுமா, வேண்டுமென்றால் எப்போதாவது ஒரு காபியா, சந்தேகம் வரும்போது ஒரு மெசேஜா என்பதையும் வாய்விட்டுப் பேசிவிடுகிறார்கள்.

ஆண்ட்ராய்டு பையன் ஆறாவது வாரத்தில் மாற்றம் கேட்கவில்லை. ஆப் மெதுவாக இருந்ததற்குக் காரணம் இண்டெக்ஸ் இல்லாத ஒரு டேபிள் என்று அந்த சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டியிருக்கிறார், இப்போது அடுத்த சந்திப்புக்குக் கேள்விகளை முன்கூட்டியே எழுதி அனுப்புகிறான்.