எருமைப்பால் கோவாவா, பசும்பால் கோவாவா?

ஊட்டிக் குளிருக்கு அடுப்படியில் நின்று கோவா கிளறுவது சுகம்தான், ஆனால் எந்தப் பால் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, எருமைப்பால்தான். கொழுப்பு அதிகம் என்பதால் ஒரு லிட்டருக்கு 200 கிராமுக்குக் குறையாமல் கிடைக்கும், வெள்ளையாக, மென்மையாக இருக்கும். பசும்பாலில் அதைவிடக் குறைவு, கொஞ்சம் மஞ்சள், பிசுபிசுப்பு, லேசான உப்புச்சுவை.

செய்முறை இரண்டுக்கும் ஒன்றுதான். அகலமான இரும்புச் சட்டியில் பாலைக் கொதிக்கவிட்டு, ஓரத்தில் படியும் ஆடையைச் சுரண்டி உள்ளே தள்ளிக்கொண்டே கிளற வேண்டும். பால் கூழாகிக் கெட்டியானதும் தீயைக் குறையுங்கள், அடிப்பிடிப்பது இந்த நேரத்தில்தான். சட்டியை விட்டுச் சுருண்டு வந்தால் இறக்கிவிடலாம்.

பர்ஃபிக்கும் பேடாவுக்கும் எருமைப்பால் கோவா, அதுவும் நன்றாக வற்றியது. குலாப் ஜாமூனுக்கு ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே இறக்கிய மிருதுவான கோவா வேண்டும், மணல் மணலாக இருந்தால் உருண்டை எண்ணெயில் விரிசல் விடும்.

அப்புறம், குளிர்தானே என்று வெளியே வைக்காதீர்கள். மலையின் ஈரக்காற்றில் மேலே பூஞ்சை பூத்துவிடும். ஃபிரிட்ஜில் காற்றுப் புகாமல் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.