விபத்து வாக்குமூலத்தையும் இழப்பீட்டுக் கடிதத்தையும் மொழிபெயர்க்கக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

எங்கள் குமரி மாவட்டத்தில் கருங்கல், தேங்காய்ப்பட்டணம், குளச்சல் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ வேலை பார்க்கும் ஒருவர் இருக்கும் வீடு தென்படும். வேலையிடத்தில் காயம்பட்டு ஊருக்கு வருபவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு வரும் கடிதங்களும் படிவங்களும் ஆங்கிலத்தில் இருப்பதால், அவற்றைத் தமிழாக்கித் தரவும் அவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதித் தரவும் கட்டணம் வாங்கும் அலுவலகங்கள் இங்கே இருக்கின்றன. நாகர்கோவிலில் உள்ள அத்தகைய ஓர் அலுவலகத்தை நம்பியதால் என் அக்காள் கணவருக்கு 7,240 சிங்கப்பூர் டாலர் கிடைக்காமல் போயிற்று. அது எப்படி நடந்தது என்பதை முழுமையாக எழுதுகிறேன்.

அத்தானுக்கு 36 வயது. சிங்கப்பூரில் ஒரு கட்டுமான இடத்தில் சாரத்தின் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது காலடியில் இருந்த பலகை விலகியதால் ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுந்தார். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது, கை முட்டிலும் அடிபட்டது. அங்கேயே அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவ விடுப்பில் இருந்தபோது குடும்பத்தில் ஒரு மரணம் நேர்ந்ததால் கம்பெனியின் சம்மதத்தோடு சில வாரங்கள் ஊருக்கு வந்தார். விபத்து எப்படி நடந்தது என்பதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புமாறு காப்பீட்டு நிறுவனத்திலிருந்து படிவம் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

அத்தான் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதிக்கொண்டேன். பக்கத்துக்கு 600 ரூபாய் என்று பேசி, நான்கு பக்கத்துக்கு 2,400 ரூபாய் கொடுத்தோம். இரண்டாம் நாள் முத்திரையும் கையெழுத்துமாக ஆங்கிலப் படி கைக்கு வந்தது. அக்காள் அதை என்னிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் திரும்பத் தமிழில் சொல்லச் சொன்னாள். அப்படிச் சொல்லிக்கொண்டு வரும்போது மூன்றாம் பத்தியில் என் வாய் நின்றுவிட்டது. "அன்று காலையில் காய்ச்சலாக இருந்ததால் மருந்து சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன்" என்று அத்தான் சொல்லியிருந்தார். ஆங்கிலத்தில் காய்ச்சல் என்ற சொல்லே இல்லை. "டிரக்ஸ்" எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனதாக இருந்தது.

"மக்களே, நான் சொன்னது காய்ச்சலுக்குள்ள பாரசிட்டமால் மாத்திரைய இல்லியா? இவன் என்னைய போதைக்காரன் ஆக்கிப்போட்டானே" என்று அத்தான் அதிர்ந்துபோனார்.

அவருடைய அதிர்ச்சி மானத்தைப் பற்றியது மட்டுமாக இருக்கலாம். ஆனால் பணத்துக்கும் அது பெரிய ஆபத்து. சிங்கப்பூரின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம், விபத்து யார் தவறால் நடந்தது என்று பார்ப்பதில்லை. வேலை செய்யும்போது வேலையின் காரணமாகக் காயம் ஏற்பட்டிருந்தால் போதும். அவ்வளவு தாராளமான சட்டத்திலும், மதுவின் தாக்கத்தாலோ மருத்துவர் எழுதிக்கொடுக்காத போதை மருந்தின் தாக்கத்தாலோ நேரடியாக விளைந்த காயத்துக்கு இழப்பீட்டை மறுக்க இடம் உண்டு. ஒரு காய்ச்சல் மாத்திரை தமிழில் "மருந்து" என்ற சொல்லாகத் தொடங்கி, அகராதியில் முதலில் கண்ணில் பட்ட ஆங்கிலச் சொல்லாக மாறி, அந்த விதிவிலக்குக்குள் அவரைக் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தது.

அதே படியில் "கை முட்டு" என்பது கால் முட்டாக மாறியிருந்ததையும் அப்போதுதான் கண்டோம். நம் ஊரில் முட்டு என்றால் முழங்கால், கை முட்டு என்றால் முழங்கை என்பது எல்லாருக்கும் தெரியும். மருத்துவமனைக் குறிப்பில் முழங்கை என்றும் வாக்குமூலத்தில் முழங்கால் என்றும் இருந்தால், இவர் காயத்தை மாற்றிச் சொல்கிறார் என்ற ஐயம் எழாமல் இருக்குமா? கை என்றும் கால் என்றும் மட்டும் சொல்வதும் இப்படித்தான் சிக்கலாகும், ஏனெனில் தமிழில் தோள் முதல் விரல் வரை எல்லாமே கைதான். மணிக்கட்டா, உள்ளங்கையா, முழங்கையா, எந்த விரல், எந்தப் பக்கம் என்று தமிழிலேயே பிரித்து எழுதிக் கொடுத்தால்தான் ஆங்கிலத்தில் சரியாக வரும்.

அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னோம். தட்டச்சு செய்த பையனின் பிழை என்று சொல்லித் திருத்திக் கொடுத்தார்கள். நாங்களும் அதை ஒரு கவனக்குறைவாகவே எடுத்துக்கொண்டு மன்னித்துவிட்டோம். அங்கே மொழிபெயர்ப்பவரின் வேலையை வேறு யாரும் வாசித்துப் பார்ப்பதே இல்லை என்பதை அன்றே உணர்ந்திருக்க வேண்டும். இன்றைக்கும் என்னை வருத்துவது இதுதான்.

அத்தான் திரும்பவும் சிங்கப்பூர் போய் மருத்துவ மதிப்பீட்டை முடித்தார். மணிக்கட்டை முழுவதுமாக மடக்க முடியாததால் நிரந்தர உடற்குறைபாடு 8 விழுக்காடு என்று மருத்துவர் கணித்தார். அத்தான் ஊருக்கு வந்த பிறகு கணக்கீட்டு அறிவிப்பு மின்னஞ்சலில் வந்தது. அப்போது நான் வேலை நிமித்தமாக மதுரையில் இருந்தேன். அக்காள் அதே அலுவலகத்தில் கொடுத்து, இரண்டு பக்கத்துக்கு 1,200 ரூபாய் கட்டித் தமிழில் வாங்கினாள்.

இந்த அறிவிப்பில் மூன்று எண்கள்தான் முக்கியம். முதலாவது சராசரி மாத வருமானம், இரண்டாவது வயதுக்குரிய பெருக்கெண், மூன்றாவது குறைபாட்டு விழுக்காடு. மூன்றையும் பெருக்கினால் இழப்பீடு வரும், சட்டத்தில் உள்ள குறைந்தபட்ச, அதிகபட்ச வரம்புகளுக்குள் அது இருக்க வேண்டும். 40 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்குப் பெருக்கெண் 181. அத்தானின் கணக்கு 700 டாலர், 181, 8 விழுக்காடு என்று போடப்பட்டு 10,136 டாலர் என முடிந்திருந்தது.

ஆங்கில மூலத்தில் 700 என்ற எண்ணுக்கு முன்னால் சராசரி மாத வருமானம் என்றுதான் இருந்தது. தமிழ்ப் படியில் அந்த இடத்தில் "அடிப்படைச் சம்பளம்: 700 டாலர்" என்று எழுதியிருந்தார்கள். இந்த ஒரு மாற்றம்தான் எங்களை வீழ்த்தியது. அத்தானின் அடிப்படைச் சம்பளம் உண்மையிலேயே 700 டாலர்தான். ஆகவே படித்தவுடன் "சரியாத்தான் போட்டிருக்கான்" என்று தலையாட்டிவிட்டார். சராசரி மாத வருமானம் 700 என்று உள்ளபடியே எழுதியிருந்தால், அந்த வரியைக் கேட்ட கணமே அவர் மறுத்திருப்பார். விபத்துக்கு முந்திய 12 மாதங்களில் ஓவர்டைமும் படிகளும் சேர்த்து அவர் வாங்கியது 14,400 டாலர், அதாவது மாதத்துக்குச் சராசரியாக 1,200 டாலர். கணக்கில் வர வேண்டியது அந்தத் தொகைதான், ஏனெனில் சராசரியைக் கணிக்கும்போது ஓவர்டைம் பணமும் சேரும். கம்பெனி அடிப்படைச் சம்பளத்தை மட்டும் சொல்லியிருந்தது. அந்தப் பிழையைப் பிடிக்கக்கூடியவர் அத்தான் ஒருவர்தான். அவர் கண்ணிலிருந்து அதை மறைத்தது மொழிபெயர்ப்பு.

1,200 டாலரை வைத்துப் பெருக்கினால் 17,376 டாலர் வருகிறது. நான் தொடக்கத்தில் சொன்ன 7,240 டாலர் என்பது இந்த வித்தியாசம். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் ஏறத்தாழ நாலரை லட்சம் ரூபாய்.

அப்போதும் வழி அடைந்துவிடவில்லை. அறிவிப்பு கிடைத்த 14 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம், விழுக்காட்டின் மீதும் தெரிவிக்கலாம், வருமானக் கணக்கின் மீதும் தெரிவிக்கலாம். அந்தக் காலத்துக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அந்தத் தொகையே முடிவான தொகையாகிவிடும். மூலத்தில் இது தெளிவாக இருந்தது. தமிழ்ப் படியிலோ "கூடுதல் விளக்கம் தேவைப்பட்டால் 14 நாட்களுக்குள் தொடர்புகொள்ளவும்" என்று இருந்தது. விளக்கம் தேவையில்லை என்று அத்தான் சும்மா இருந்துவிட்டார். 12 மாதச் சம்பளச் சீட்டுகளும் அவருடைய கைபேசியிலேயே இருந்தன, அவற்றை இணைத்து ஆட்சேபம் அனுப்பியிருந்தால் போதும்.

பத்தொன்பதாம் நாள், சிங்கப்பூர் விடுதியில் அவரோடு ஒரே அறையில் இருந்த நண்பர் பேசினார். அவருக்கும் ஓவர்டைம் சேர்த்து மாதம் 1,200 டாலர் அளவில்தான் வருமானம். விரல் காயத்துக்கு 6 விழுக்காடு கிடைத்ததாகவும் 13,000 டாலருக்கு மேல் வந்ததாகவும் சொன்னார். குறைந்த விழுக்காடு உள்ளவருக்குக் கூடுதல் பணம் எப்படி வந்தது என்று அத்தான் என்னை அழைத்துக் கேட்டார். மூலத்தை அனுப்பச் சொல்லிப் படித்தபோதுதான் எல்லாம் விளங்கியது. உடனே எழுதிக் கேட்டோம். ஆட்சேபக் காலம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

மொழிபெயர்த்த அலுவலகத்தில் போய் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக் காட்டினேன். "சம்பளம்னா சம்பளம்தானே சார்" என்றார்கள். ரசீதின் பின்பக்கம் பிழைகளுக்குப் பொறுப்பல்ல என்று அச்சடித்திருப்பதைத் திருப்பிக் காட்டினார்கள். வாங்கிய 1,200 ரூபாயைக்கூடத் திருப்பித் தரவில்லை. அவர்களுடைய முத்திரையைப் பார்த்து நாங்கள் மயங்கியது உண்மை. முத்திரை அவர்களே செய்துகொண்டது. நோட்டரி கையெழுத்து வாங்கினாலும்கூட, அது கையெழுத்திட்டவர் யார் என்பதற்குச் சான்றே தவிர, மொழிபெயர்ப்பு சரி என்பதற்குச் சான்று ஆகாது.

இப்படிப்பட்ட அறிவிப்பு யாருக்காவது வந்திருந்தால், தமிழ்ப் படியைக் கையில் வாங்கியதும் மொழிபெயர்த்தவரிடமே மூலத்தைக் கொடுத்து, மாதம் எவ்வளவு என்று போட்டிருக்கிறது, அது அடிப்படையா ஓவர்டைம் சேர்ந்த சராசரியா, எத்தனை நாளுக்குள் மறுப்புச் சொல்லலாம் என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அறிவிப்பு வந்த நாளை நாட்காட்டியில் குறித்து, அதிலிருந்து எண்ணுங்கள். மொழிபெயர்ப்புக்கு ஒரு வாரம் ஆகும் என்று யாராவது சொன்னால், உங்களுடைய 14 நாட்களில் பாதியை அவர் எடுத்துக்கொள்கிறார் என்று பொருள். சிங்கப்பூரில் காயம்பட்ட தொழிலாளர்களுக்கு உதவும் டிரான்சியன்ட் ஒர்க்கர்ஸ் கவுன்ட் டூ போன்ற தொண்டு அமைப்புகளும் இருக்கின்றன. அங்கே இருக்கும்போதே அவர்களிடம் காட்டிக் கேட்பது நல்லது.

நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அத்தான் பெயரில் புகார் கொடுத்திருக்கிறோம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். மூலம், தமிழ்ப் படி, ரசீது, முதல் வாக்குமூலத்தின் திருத்தாத ஆங்கிலப் படி ஆகிய நான்கையும் இணைத்திருக்கிறோம். அந்தத் திருத்தாத படியைக் கிழித்தெறியாமல் அரிசி டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்திருந்தவள் அக்காள்.