இரவு 2 மணி ஸ்டாக் வேலை: க்ரானா, சிஸ்டம்டி டைமரா?

பகலில் கடையில் போட்ட பில்களை இரவு 2 மணிக்கு ஆன்லைன் ஸ்டாக்கில் கழிக்க வேண்டும். இருப்பது ஒரே லினக்ஸ் சர்வர். இதற்குக் க்ரானே போதுமா, சிஸ்டம்டி டைமருக்கு மாறலாமா?

க்ரானில் ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது. அந்தச் சுலபம் டைமரில் கிடையாது. அதற்கு இரண்டு கோப்புகள் எழுத வேண்டும். ஆனால் வேலை பிசகினால் க்ரான் மெயில் அனுப்பிவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. ஸ்கிரிப்ட் எதையாவது அச்சிட்டால்தான் அது மெயில் அனுப்பும். வெற்றியா தோல்வியா என்று அது பார்ப்பதில்லை. தினமும் 'முடிந்தது' என்றே மெயில் வந்தால் பத்தாம் நாள் யார் திறப்பார்கள்? எரிச்சலில் வரியின் கடைசியில் `>/dev/null 2>&1` என்று சேர்ப்போம். அதோடு பிழைச் செய்தியும் போச்சு.

டைமரில் சர்வீஸ் கோப்பின் `[Unit]` பகுதியில் `OnFailure=` என்று எழுதி, எச்சரிக்கை அனுப்பும் இன்னொரு சர்வீஸின் பெயரைக் கொடுத்தால், தோற்றால் மட்டும் செய்தி வரும். ஒன்று கவனிக்க வேண்டும்: ஷெல் ஸ்கிரிப்டின் கடைசி வரி `echo` என்றால், நடுவில் என்ன உடைந்திருந்தாலும் அது வெற்றியாகவே முடியும். தொடக்கத்தில் `set -e` போடுங்கள்.

மறுபடி ஓட்டுவதிலும் டைமர்தான் மேல். க்ரானில் தவறியதைக் கையால் ஓட்டினால் சரியாக ஓடிவிடும், மறுநாள் இரவு மறுபடி தவறும். உங்கள் `PATH` வேறு, க்ரானுடையது வேறு. `systemctl start stock-sync.service` என்றால் இரவில் ஓடும் அதே சூழலில் ஓடும். முந்தைய ஓட்டம் முடியாமல் இருந்தால் இரண்டாவது ஒன்று தொடங்காது. க்ரானில் அதற்கு `flock -n` சேர்க்க வேண்டும்.

```
[Timer]
OnCalendar=*-*-* 02:00:00
Persistent=true
```

`Persistent` இருந்தால், 2 மணிக்குச் சர்வர் அணைந்திருந்தாலும் திரும்ப வந்ததும் வேலை ஓடும். ஆனால் இரண்டு இரவுகள் தவறியிருந்தாலும் ஒரே முறைதான் ஓடும். 'நேற்றைய பில்' என்று எழுதிய ஸ்கிரிப்ட் முந்தாநாளை விட்டுவிடும்.

இங்கேதான் இரண்டு கருவிகளுமே கைவிடுகின்றன. சட்டை 40 இருக்கிறது, 6 விற்றது. ஸ்கிரிப்ட் கழித்து 34 ஆக்கியபின் வேறொரு பொருளில் தடுக்கி நிற்கிறது. மறுபடி ஓட்டினால் 28. அலமாரியில் 34 இருக்க, தளம் 28 என்கிறது. இதற்கு மருந்து டேட்டாபேஸில்தான்: கழித்த பில் எண்ணை ஒரு தனி அட்டவணையில், இரண்டு முறை பதிய முடியாதபடி, கழிக்கும் அதே டிரான்ஸாக்ஷனுக்குள் பதிய வேண்டும். ஸ்கிரிப்ட் தேதியைப் பார்க்காமல், அந்த அட்டவணையில் இல்லாத பில்களை மட்டும் எடுக்க வேண்டும். அப்புறம் எத்தனை முறை ஓட்டினாலும் 34தான். விடுபட்ட முந்தாநாளும் சேர்ந்துவிடும்.

நான் டைமரையே எடுப்பேன். சர்வரே விடியும்வரை படுத்துக் கிடந்தால் அதுவும் ஊமைதான். அதனால் வேலை முடிந்ததும் வெளியே உள்ள ஒரு கண்காணிப்புச் சேவைக்கு `curl` கட்டளையால் ஒரு தட்டு தட்டச் சொல்லியிருக்கிறேன். 3 மணிக்குள் தட்டு வராவிட்டால் அந்தச் சேவை என் போனுக்குச் செய்தி அனுப்பும்.