தீபாவளி வாரத்தில் ஆப்ஷன் எத்தனை நாள் தேயும்? நாட்காட்டி நாளும் வர்த்தக நாளும்

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. பர்சா மலேசியாவுக்கும் அன்று விடுமுறை. வெள்ளி 17 மாலை மூடிய சந்தை, செவ்வாய் 21 காலையில்தான் திறந்தது. ஆப்ஷன் என்பது குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை; முடிவு தேதி நெருங்க நெருங்க அதன் விலை தேயும். கோலாலம்பூர் குறியீட்டின் எதிர்கால ஒப்பந்தமான FKLI மேல் ஓர் ஆப்ஷன் உங்கள் கையில் இருந்திருந்தால், வெள்ளி மாலைக்கும் செவ்வாய் மாலைக்கும் இடையில் அதற்கு எத்தனை நாள் வயது கூடியிருக்கும்? நான்கு என்று ஒரு கணக்கு சொல்லும். ஒன்று என்று இன்னொரு கணக்கு சொல்லும்.

முதல் கணக்கு நாட்காட்டி நாள். ஆண்டுக்கு 365, சனி ஞாயிறும் சேர்த்தி. இரண்டாவது வர்த்தக நாள். சந்தை திறந்திருக்கும் நாளை மட்டுமே எண்ணுவது. அமெரிக்கப் பாடங்களில் இதற்கு 252 என்று போடுவார்கள். அதை அப்படியே இங்கே எடுத்து வைக்கக்கூடாது. இரண்டு பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி, தைப்பூசம், விசாக் என்று கழித்துக்கொண்டே போனால் பர்சாவுக்கு ஆண்டில் ஏறத்தாழ 245 நாள்தான் மிஞ்சும். கழிக்க வேண்டியதும் சந்தையின் விடுமுறையை, உங்கள் ஊர் விடுமுறையை அல்ல. ஜூலை 7, ஜார்ஜ்டவுன் பாரம்பரிய தினம்; பினாங்கில் அலுவலகங்களுக்கு விடுமுறை, பர்சா வழக்கம்போல் நடக்கும். பிப்ரவரி 1, கூட்டரசுப் பிரதேச தினம். பினாங்குக்காரர் வேலைக்குப் போவார், பர்சா மூடியிருக்கும்.

எண்களில் பார்ப்போம். FKLI 1,600இல் நிற்கிறது, வாங்கும் உரிமை தரும் நம் கால் ஆப்ஷனில் குறித்த விலையான ஸ்டிரைக் விலையும் 1,600, ஆண்டு ஏற்ற இறக்கம் 12 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் முடிவது மாதத்தின் கடைசி வேலை நாளான அக்டோபர் 31, வெள்ளி. ஸ்டிரைக் நடப்பு விலையிலேயே இருக்கும் ஆப்ஷனுக்கு நீளமான சூத்திரம் தேவையில்லை, இந்தச் சுருக்கக் கணக்கு போதும், T என்பது ஆண்டு அளவில் மிஞ்சிய காலம்:

```
விலை ≈ 0.4 × 1600 × 0.12 × √T
```

அக்டோபர் 17 மாலையில் நாட்காட்டிப்படி 14 நாள் மிச்சம், T என்பது 14/365. விலை 15.0 புள்ளி. ஒரு புள்ளிக்கு 50 ரிங்கிட் என்பதால் 750 ரிங்கிட். வர்த்தக நாள்படி 9 நாள்தான் மிச்சம், T என்பது 9/245. விலை 14.7. இதுவரை பெரிய சண்டை இல்லை. செவ்வாய் மாலையில்தான் இரண்டும் பிரிகின்றன. குறியீடு அசையாமல் நின்றாலும், நாட்காட்டிக் கணக்கில் 10 நாள் மிஞ்சி விலை 12.7க்கு இறங்குகிறது. வர்த்தகக் கணக்கில் 8 நாள் மிஞ்சி விலை 13.9. முதல் கணக்கு 2.3 புள்ளி தேய்ந்தது என்கிறது, இரண்டாவது 0.8 என்கிறது. விலையில் அவ்வளவாக ஒத்துப்போன இருவர், தேய்மானத்தில் மூன்று மடங்கு தள்ளி நிற்கிறார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் தேநீர்க் கடையில் ஒரு தம்பி அடிக்கடி சொல்வார்: "வெள்ளிக்கிழமை சாயந்திரம் வித்துடுங்க அண்ணே, மூணு நாள் காசு சும்மா வரும்." நாட்காட்டிக் கணக்கை நம்பினால் அவர் சொல்வது சரிதான். ஆனால் வாங்குபவருக்கும் விடுமுறை எப்போது என்று தெரியுமே. மூன்று நாள் சும்மா கரையும் என்று எல்லோரும் நினைத்தால், வெள்ளி பிற்பகலிலேயே வாங்குபவர்கள் விலையை இறக்கிக் கேட்பார்கள். தம்பி விற்கும் விலையில் அந்தக் காசு ஏற்கனவே கழிந்திருக்கும். மிஞ்சுவது, செவ்வாய் காலை சந்தை ஒரேயடியாக எகிறித் திறந்தால் தாங்கவேண்டிய ஆபத்து மட்டும்.

சரி, சந்தை எந்தக் கணக்கில் நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடும் ஏற்ற இறக்கம், அதாவது ஐவி, காட்டிக் கொடுத்துவிடும். சந்தை உண்மையில் வர்த்தக நாளில் விலை வைக்கிறது, வெள்ளியன்று விலை 15.0 என்று கொள்வோம். உங்கள் மென்பொருள் மட்டும் 365இல் ஓடுகிறது. குறியீடு அசையவே இல்லை. திரையில் தெரிவது இதுதான்:

| மாலை | சந்தை விலை | 365இல் தெரியும் ஐவி |
|---|---|---|
| வெள்ளி 17 | 15.0 | 12.0% |
| செவ்வாய் 21 | 14.1 | 13.3% |
| வெள்ளி 24 | 11.2 | 12.6% |
| திங்கள் 27 | 10.0 | 14.9% |

பதற்றம் கூடிவிட்டது, விலை கூடிய ஆப்ஷனை விற்கலாம் என்று தோன்றும். எதுவும் கூடவில்லை. 245ஐ வைத்துக் கணக்குப் போட்டால் நான்கு நாளும் ஒரே 12.2 விழுக்காடுதான். விடுமுறை முடிந்ததும் ஐவி ஏறி, வெள்ளியை நோக்கி இறங்கி, மறுபடி ஏறும் ரம்பப் பல் வடிவம் வாராவாரம் தெரிந்தால் கோளாறு சந்தையில் இல்லை, நாளை எண்ணும் முறையில் இருக்கிறது. ஆப்ஷன் விலைகளிலிருந்து ஏற்ற இறக்கத்தை அளக்கும் அமெரிக்காவின் VIX குறியீடும் நாட்காட்டி நேரத்தில் கணக்கிடப்படுவதுதான். வெள்ளியன்று சற்று அமுங்கி திங்களன்று நிமிரும் அதன் பழக்கத்தில் ஒரு பங்கு இதனால் வருவது.

நாட்காட்டிக் கணக்கின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. விடுமுறைப் பட்டியல் தேவையில்லை, ஓராண்டு ஆப்ஷனுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விடையைத் தரும், வட்டிக்கு அதுதான் சரியான கணக்கும்கூட. வங்கி சனி ஞாயிறுக்கும் வட்டி போடுகிறது. ஆகவே சூத்திரத்தில் வட்டியோடு சேரும் T-யை 365இல் விட்டுவிட்டு, ஏற்ற இறக்கத்தோடு சேரும் T-யை மட்டும் மாற்றுவதே முறை. வர்த்தக நாளை எண்ண விரிதாளில் ஒரு வரி போதும். A2இல் இன்றைய தேதி, B2இல் முடிவு தேதி, H பத்தியில் பர்சா விடுமுறைகள்:

```
=NETWORKDAYS(A2,B2,H2:H20)-1
```

இனி முக்கியமான கேள்வி. மூடிய நாளில் விலை உண்மையிலேயே நகர்வதில்லையா? இதை அளக்க வேரியன்ஸ் வேண்டும், அதாவது ஏற்ற இறக்கத்தின் வர்க்கம். நாளோடு நாள் கூட்டிக்கொண்டே போகக்கூடிய அளவு அதுதான். கென்னத் ஃபிரெஞ்சும் ரிச்சர்ட் ரோலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பங்குகளின் வெள்ளி மூடலிலிருந்து திங்கள் மூடல் வரையான வேரியன்ஸ், சாதாரண ஒரு நாளைவிட ஏறக்குறைய 11 விழுக்காடுதான் அதிகம் என்று வந்தது. நாட்காட்டி சரியென்றால் மூன்று மடங்கு வந்திருக்க வேண்டும். வார இறுதியில் செய்தியே வருவதில்லை, அதனால்தான் என்று யாராவது மடக்கலாம். அதற்கும் அவர்களிடம் ஒரு சோதனை இருந்தது. 1968இன் பிற்பாதியில் காகித வேலை மலைபோல் குவிந்ததால் நியூயார்க் பங்குச் சந்தை புதன்கிழமைகளில் மூடிக் கிடந்தது. நாட்டில் மற்றதெல்லாம் இயங்கிய நாள் அது. அப்போதும் அந்த இரண்டு நாள் இடைவெளியின் வேரியன்ஸ் இரு மடங்குக்குக் கிட்டக்கூட வரவில்லை. வர்த்தகம் நடப்பதே விலையை அசைக்கிறது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள்.

எனவே குறியீட்டு ஆப்ஷனுக்கு நான் வர்த்தக நாள் பக்கம். செம்பனை எண்ணெய்க்கு மட்டும் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

ரோல் 1984இல் ஆரஞ்சுச் சாறு எதிர்கால ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தார். அதன் விலையை ஆட்டுவது வானிலை. வானிலைக்கு சனி ஞாயிறு கிடையாது. அங்கேயும் வார இறுதி வேரியன்ஸ் மூன்று மடங்கு ஆகவில்லை, ஆனால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வந்தது. செம்பனை எண்ணெயின் FCPO ஒப்பந்தத்துக்கு வானிலையோடு வேறு தொல்லைகளும் உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய பர்சாவின் இரவு அமர்வு திங்கள் முதல் வியாழன் வரைதான். வெள்ளி மாலை 6 மணிக்கு மூடினால் மூடியதுதான். சிகாகோவில் சோயா எண்ணெய் நம் நேரப்படி சனிக்கிழமை விடிகாலை வரை ஓடும். 2022 ஏப்ரல் 22, ஒரு வெள்ளிக்கிழமை, சமையல் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை என்று இந்தோனேசிய அதிபர் ஜோக்கோ விடோடோ அறிவித்தார். சிகாகோ அன்றே எகிறியது. நம் சந்தைக்கு அது திங்கள் காலைதான் வந்து சேர்ந்தது. வார இறுதிக்குச் சுழி மதிப்பு போட்டு ஆப்ஷனை மலிவாக விற்றிருந்தவருக்கு அந்தத் திங்கள் எப்படி விடிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் தொழில்முறை மேசைகளில் மூன்றாவது வழி ஒன்று உண்டு: ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எடை. திறந்த நாளுக்கு 1, ஒரு வார இறுதி முழுவதற்கும் 0.1, நாம் மட்டும் மூடி உலகம் திறந்திருக்கும் தீபாவளி போன்ற நாளுக்கு 0.4 என்று வைப்போம். எடைகள் என் கைக்கணக்கு. உங்கள் சந்தையின் பழைய விலைகளை வைத்து நீங்களே மதிப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஆண்டு சுமார் 256 எடை நாள், நம் ஆப்ஷனுக்கு மிச்சம் 9.6. வெள்ளி விலை 14.9, செவ்வாய் 13.7, தேய்மானம் 1.2 புள்ளி. எடையில் கவனிக்க வேண்டியது விடுமுறையின் குணம். தீபாவளிக்குச் சீனாவின் டாலியன் சந்தை திறந்திருக்கும், செம்பனை எண்ணெய் அங்கே கைமாறும். சீனப் புத்தாண்டுக்கு அதுவும் மூடிவிடும். இரண்டுக்கும் ஒரே எடை போடுவது தப்பு.

திடீர் விடுமுறைதான் இந்த மூன்று முறையையும் உரசிப் பார்க்கும் இடம். 2022 நவம்பர் 24, வியாழன், பதவியேற்ற அன்றே பிரதமர் அன்வார் இப்ராஹிம் 28 திங்களைப் பொது விடுமுறையாக அறிவித்தார். பர்சாவும் மூடியது. நவம்பர் 30இல் முடியும் ஆப்ஷனுக்கு வியாழன் மாலையில் 4 வர்த்தக நாள் மிச்சம் இருந்தது. அறிவிப்போடு அது 3 ஆனது. வர்த்தகக் கணக்குப்படி காலமதிப்பில், அதாவது மிஞ்சிய காலத்துக்காக ஆப்ஷன் விலையில் இருக்கும் பங்கில், 13 விழுக்காடு அந்த நொடியே காணாமல் போக வேண்டும். நாட்காட்டிக் கணக்கு அறிவிப்பைக் கவனிக்கவே கவனிக்காது. எடைக் கணக்கில் 1 என்ற நாள் 0.4 ஆகிறது, இழப்பு 8 விழுக்காடு அளவில் நிற்கிறது. எனக்கு மூன்றாவதுதான் ஏற்புடையது: சந்தை ஓய்ந்தாலும் அந்த நாளின் உலகச் செய்தி செவ்வாய் காலைக்காகச் சேர்ந்துகொண்டுதான் இருக்கும்.

நம்மில் பலர் கையில் வைத்திருப்பது பர்சாவின் கட்டமைப்பு வாரண்ட், பங்குபோல் சந்தையில் கைமாறும் ஒருவகை ஆப்ஷன். அதைக் கையில் இல்லாமல் விற்க முடியாது என்பதால், தேநீர்க் கடைத் தம்பியின் யோசனை இங்கே வேறு வடிவம் எடுக்கும்: நீண்ட விடுமுறைக்கு முன் விற்று, பிறகு திரும்ப வாங்குவது. 15 சென் விலையில், முழுக்கக் காலமதிப்பாகவே இருக்கும் வாரண்ட், 90 நாள் மிச்சம் என்று கொள்வோம். தீபாவளி இடைவெளியில் நாட்காட்டிக் கணக்கு 0.34 சென் தேயும் என்கிறது, வர்த்தகக் கணக்கு 0.13 சென் என்கிறது. 1 ரிங்கிட்டுக்குக் கீழே உள்ள விலை நகரும் மிகச் சிறிய படியோ 0.5 சென். ஒரு லட்சம் யூனிட்டை வாங்குவிலைக்கு விற்று, ஒரு படி மேலே விற்பவர் கேட்கும் விலைக்குத் திரும்ப எடுத்தால் 500 ரிங்கிட் போகும், தரகு தனி. மிச்சப்படுத்தப் பார்த்த தேய்மானம், நாட்காட்டியின் தாராளக் கணக்கிலேயே 340 ரிங்கிட்.