எலி விதை வழுக்கியோடு பத்து ஆண்டுகள்: விந்து இல்லாத குழாய்களின் கணக்கு

2013-இல் யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் பள்ளிக்கூடத்துக்காக வாங்கிய பெட்டியில் இருபத்தைந்து நுணுக்குக்காட்டி வழுக்கிகள் இருந்தன. அவற்றுள் ஒவ்வோர் உயர்தர வகுப்புக்கும் நான் தவறாமல் எடுத்துவைப்பது ஒன்றுதான். ஆணெலியில் விந்து உருவாகும் உறுப்பான விதையின் குறுக்குவெட்டு, ஹீமடொக்சிலின், இயோசின் என்ற இரண்டு சாயங்கள் ஏற்றியது. மாங்குளத்துப் பக்கம் எங்கள் ஆய்வுகூடத்தில் மின்சாரம் போனாலும் கண்ணாடியைத் திருப்பி முற்றத்து வெளிச்சத்தில் பார்க்கலாம். நேர் வெயிலை மட்டும் பிடிக்கக் கூடாது, கண் கெட்டுவிடும்.

பத்து மடங்குப் பொருள்வில்லையில் பார்த்தால், ஓலைப்பெட்டியில் நெருக்கி அடுக்கிய உளுந்து வடைகளை மேலிருந்து பார்ப்பது போலிருக்கும். ஒவ்வொரு வடையும் ஒரு விந்தாக்கும் சிறுகுழாயின் வெட்டு. நடுத்துளைதான் குழாயின் உள்வெளி. எலியின் குழாய் கால் மில்லிமீற்றர் அளவு அகலமானது. எங்கள் நுணுக்குக்காட்டியில் நாற்பது மடங்குக்குப் போனதும் பார்வைப்புலம் அரை மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவாகிவிடுகிறது. ஆகவே ஒரு குழாய் மட்டும் முழுதாக நிற்கும், பக்கத்துக் குழாய்களின் விளிம்பு கொஞ்சம் தெரியும். குழாய்களுக்கு இடையிலுள்ள முக்கோண இடுக்குகளில் குருதிக்கலன்களும் ஓமோன் சுரக்கும் லேடிக் கலங்களும் கூட்டமாக இருக்கும். மாணவர்கள் அவற்றை எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். சிக்கல் குழாய்க்குள்தான்.

பாடநூல் படத்தில் குழாய்ச் சுவரிலிருந்து நடு நோக்கி எல்லாம் வரிசையாக நிற்கும். வெளியோரத்தில் விந்துத் தாய்க்கலங்கள், அடுத்து முதல் விந்துக்குழியங்கள், துணைக்குழியங்கள், விந்தாகு கலங்கள், கடைசியில் வாலோடு விந்துகள். வாங்கி மூன்றாம் ஆண்டென்று நினைக்கிறேன், ஒரு மாணவி கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "ரீச்சர், இந்த எலிக்கு ஏதோ வருத்தம். இந்தக் குழாயில் விந்தே இல்லை." நான் வழுக்கியைக் கொஞ்சம் நகர்த்தி, வால்கள் தெரியும் ஒரு குழாயைக் காட்டி, "இதைப் பார்த்து வரை" என்றேன். அதுவரை எல்லா வகுப்பிலும் நான் செய்துவந்தது அதுதான். பதில் சொல்லவில்லை என்ற உறுத்தல் அன்றைக்குத்தான் வந்தது.

அந்த மார்கழி விடுமுறையில் வழுக்கியை வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணினேன். சாய்வாக வெட்டுப்பட்டு நீண்டு கிடந்தவற்றை ஒதுக்கி, வட்டமாக வெட்டப்பட்ட 60 குழாய்களை மட்டும் எடுத்தேன். 16 குழாய்களில் விந்துகள் உள்வெளியின் ஓரத்தில் வரிசைகட்டி நின்றன. 4 குழாய்களில் நிறமூர்த்தங்கள் தட்டாக அடுக்கப்பட்ட, பிரிந்துகொண்டிருக்கும் பெரிய கலங்கள். மற்ற 40-இல் வெவ்வேறு கலவைகள். எந்த ஒன்றிலும் பாடநூல் படத்து வரிசை முழுதாக இல்லை.

காரணம் இதுதான். குழாயின் ஒரே இடத்தில் சுமார் 13 நாளுக்கு ஒருமுறை புதிய தலைமுறை ஒன்று சுவரோரத்தில் தொடங்கி, மேலே இருக்கும் பழைய தலைமுறைகளை உள்வெளி நோக்கித் தள்ளுகிறது. எலியில் ஒரு தலைமுறை விந்தாகி வெளியேற அப்படியான நாலரைச் சுற்று, ஏறத்தாழ 58 நாள், பிடிக்கும். ஆகவே எந்த இடத்திலும் நான்கைந்து தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். இன்ன வயதுக் கலத்தோடு இன்ன வயதுக் கலம் என்ற கூட்டு மாறுவதில்லை. 1952-இல் லெப்லோனும் கிளேர்மோனும் எலியில் அந்தக் கூட்டுகளை 14 நிலைகளாகப் பிரித்தார்கள். ஒரு வெட்டு என்பது அந்தச் சுற்றில் ஒரு கணம். விந்து வெளியேறிவிட்ட கணத்தில் வெட்டியிருந்தால் அங்கே விந்து இருக்காது. அடுத்த தலைமுறையின் தலைகள் இன்னும் நீண்டுகொண்டிருக்கும்.

ஒரு நிலை நீண்ட நேரம் நீடித்தால் அது அதிகக் குழாய்களில் அகப்படும். 60-இல் 16 என்றால், 13 நாளில் மூன்றரை நாள் அளவுக்கு விந்துகள் ஓரத்தில் நிற்கின்றன. பிரிவு நடக்கும் குழாய்கள் 60-இல் 4 என்றால் ஒரு நாளுக்குச் சற்றுக் குறைவு. அச்சிலுள்ள அளவுகள் இதற்கு மிக அண்மையாகவே வந்தன. அறுபது குழாய் என்பது சிறிய எண்ணிக்கை, வேறொரு வழுக்கியில் கொஞ்சம் ஏறி இறங்கும். என்றாலும் கடிகாரம் இல்லாமல் நேரம் அளந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் போகவில்லை.

துணை விந்துக்குழியத்தை நான் எத்தனையோ ஆண்டுகள் தேடியிருக்கிறேன். பாடநூலில் அதற்கு முழு அடுக்கு ஒன்று இருக்கும். உண்மையில் முதல் ஒடுக்கற்பிரிவில் பிறந்து, உடனே இரண்டாம் பிரிவுக்குள் போய்விடும் கலம் அது. எலியில் கடைசி நிலையில்தான், அந்த நான்கு குழாய்களில்தான், காணக் கிடைக்கிறது. மாணவர் படத்தில் அதை அடுக்காக வரைந்தால் நான் புள்ளி வெட்டுவதில்லை, ஆனால் எங்கே பார்த்தாய் என்று கேட்பேன்.

அப்படியென்றால் உண்மையான வருத்தத்தை எப்படி அடையாளம் காண்பது? ஒரு குழாயில் விந்து இல்லாதது ஒன்றுமில்லை. எல்லாக் குழாய்களிலும் ஒரே அடுக்கு காணாமல் போயிருந்தால்தான் பார்க்க வேண்டும். முதல் விந்துக்குழியம்வரை வந்து, அதற்குமேல் எங்குமே விந்தாகு கலம் இல்லையென்றால் ஒடுக்கற்பிரிவில் தடை. வெளிர்ந்த, ஒழுங்கற்ற கருவும் நடுவில் தெளிவான நுண்கருவும் கொண்ட, விந்துக் கலங்களைத் தாங்கி நிற்கும் செர்ட்டோலிக் கலங்கள் மட்டுமே எஞ்சியிருந்தால் தாய்க்கலங்களே அழிந்துவிட்டன. பல கருக்கள் ஒன்றாய்ச் சேர்ந்த பெரிய கலங்கள் உள்வெளியில் உதிர்ந்து கிடப்பதும் நல்ல அறிகுறி அல்ல. மனித விதை வேறு கதை. அதில் நிலைகள் துண்டு துண்டாகக் கலந்திருப்பதால் ஒரே வெட்டில் இரண்டு மூன்றைக் காணலாம். எலியில் படித்த கண் அங்கே குழம்பும்.

இந்த வழுக்கியின் பெரிய குறை சாயம். இரண்டு நிறம் மட்டும் ஏற்றியதால், உருண்டை விந்தாகு கலத்தின் தலைமேல் வளரும் தொப்பி தெளிவாகத் தெரிவதில்லை. அந்தத் தொப்பியின் வளர்ச்சியை வைத்துத்தான் தொடக்க நிலைகளைப் பிரிப்பார்கள். சர்க்கரைச் சேர்வையைச் சிவப்பாக்கும் பாஸ் சாயம் ஏற்றியிருந்தால் அது பளிச்சென்று நிற்கும். ஆகவே முதல் நான்கைந்து நிலைகளை நான் ஒன்றாகவே கொள்கிறேன். நல்ல விடயம், குழாய்கள் சுருங்கவில்லை. பல்கலைக்கழகக் காலத்தில் ஆட்டு விதையை வெறும் போர்மலினில் போட்டு நான் செய்த வெட்டில், குழாய்களுக்கிடையே வாய்க்கால் அகலத்துக்கு வெடிப்புகள். விதையைச் சுருங்காமல் பதப்படுத்த உரிய பூயின் கரைசலில் பிக்ரிக் அமிலம் உண்டு. உலர்ந்தால் வெடிக்கும் பொருள். வன்னியில் அந்தப் பெயரை எழுதிக் கேட்கவே கை கூசும்.

ஒருமுறை வழுக்கியைச் சன்னலோரத்தில் ஒரு தவணை முழுக்க மறந்துபோனேன். வெயில் விழுந்த பக்கத்து இயோசின் வெளிறி, கால்வாசி வெட்டு சாம்பலாகிவிட்டது. மற்ற முக்கால்வாசியில் இன்னும் எண்ணலாம். இப்போது வகுப்புக்குக் கொடுக்கும்போது "விந்துள்ள குழாயைக் கண்டுபிடி" என்று சொல்வதில்லை. ஒவ்வொருவரும் பத்துக் குழாய் எண்ணி, பலகையில் வந்து எழுத வேண்டும். போன தவணையில் எட்டுப் பேரின் எண்பது குழாயில், விந்து ஓரத்தில் நின்றவை இருபத்தொன்று வந்தது.