தக்காளிக்கு விலை வைப்பது யார்? ஐந்து விசைகளில் எது எது என்று பிரிப்பது

தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக் பிஸினஸ் ஸ்டடீஸ் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. ஒரு பண்ணையைப் பற்றியோ கடையைப் பற்றியோ நாலைந்து வரி கொடுத்திருப்பார்கள். ஒரு துறையில் லாபம் எவ்வளவு மிஞ்சும் என்பதைத் தீர்மானிக்கும் போர்ட்டரின் ஐந்து விசைகளில் எது இங்கே தெரிகிறது, எந்த வரியை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்பார்கள். விசையின் பெயரைத் தப்பாக எழுதிவிட்டால், சரியான வரியை எடுத்துக் காட்டியிருந்தாலும் அதற்கு மதிப்பெண் விழாது.

ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1979இல் முன்வைத்த ஐந்தையும் ஒப்பிப்பதில் யாருக்கும் சிரமமில்லை. துறைக்குள் இருப்பவர்களின் போட்டி, வாங்குபவர் பலம், சரக்கு தருபவர் பலம், புதிதாக நுழைவோர், மாற்றுப் பொருள். குழப்பம் வருவது அடுத்தடுத்து நிற்கும் இரண்டில் எது என்று முடிவு செய்யும்போதுதான். அந்த ஜோடிகளை மட்டும் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் டர்பன் தக்காளியையே எடுத்துக்கொள்கிறேன். பண்ணையிலிருந்து சமையலறை வரை அது எத்தனை கை மாறுகிறது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்.

முதல் ஜோடிதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது: வாங்குபவர் பலமா, உள்போட்டியா? பயிற்சிக்காக நான் எழுதும் வரிகள் இவை:

"டர்பனைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு விவசாயிகள் தக்காளி பயிரிடுகிறார்கள். விளைச்சலில் பெரும்பகுதியை மூன்று சூப்பர்மார்க்கெட் சங்கிலிகள் வாங்குகின்றன. ஒரு விவசாயி விலையை ஏற்றினால், சங்கிலி பக்கத்துப் பண்ணையில் வாங்கிக்கொள்ளும்."

சாட்ஸ்வொர்த்தில் நான் எடுக்கும் மாலை வகுப்பில் இதைக் கொடுத்தால் பாதிப்பேர் போட்டி என்று எழுதுகிறார்கள். "நூற்றுக்கணக்கான பேர் ஒரே சாமானை விற்கிறாங்க ஆன்ட்டி, அப்போ போட்டிதானே?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. விற்பவர்கள் பலர் என்பது இரண்டு விடைக்கும் பொருந்தும். அதனால் அந்த ஒரு வரியை வைத்து முடிவுக்கு வர முடியாது.

நான் சொல்லித்தரும் சோதனை எளிது. சந்தேகப்படும் ஆளைக் கதையிலிருந்து தூக்கிவிட்டுப் பார். மூன்று சங்கிலிகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆளுக்கு ஒரு கிலோ வாங்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை நிறுத்து. இப்போது விலை ஏற்றிய விவசாயியைத் தண்டிக்க ஒரு பெரிய கை இருக்கிறதா? இல்லை. ஒரு குடும்பம் போனால் ஒரு கிலோதான் போகும். அந்த மூன்று பேர் போனதும் கஷ்டமும் போகிறது என்றால், கஷ்டத்தைக் கொடுத்தது அவர்கள்தான். விடை, வாங்குபவர் பலம். விற்பவர்கள் பலராக இருப்பதும், எல்லார் தக்காளியும் ஒன்றுபோல இருப்பதும் அந்தப் பலத்துக்கான காரணங்கள்.

இப்போது கடைசி வரியை மட்டும் மாற்றுகிறேன்: "விளைச்சல் கூடிய வாரத்தில், பழம் அழுகுவதற்குள் தள்ளிவிட வேண்டும் என்று ஒருவர் பெட்டி விலையைக் குறைக்க, மற்றவர்களும் குறைக்கிறார்கள்." சங்கிலிகளைத் தூக்கிவிட்டுக் குடும்பங்களை நிறுத்தினாலும் இந்த விலைச்சரிவு நிற்காது. விவசாயியின் லாபத்தைத் தின்பது பக்கத்து விவசாயியின் அவசரம். இது உள்போட்டி. கெட்டுப்போகும் சரக்கு விலைப் போட்டியை உசுப்பிவிடும் என்று போர்ட்டரே சொல்லியிருக்கிறார். வாங்கும் மூன்று பேர் அப்படியே இருக்க, வினைச்சொல்லுக்குச் சொந்தக்காரர் மட்டும் மாறியிருப்பதைக் கவனியுங்கள். முன்பு சங்கிலி வாங்கிக்கொண்டது, இப்போது விவசாயிகள் குறைக்கிறார்கள்.

இதே இடத்தில் இன்னொரு குழி உண்டு. விவசாயி மொத்தச் சந்தைக்குத் தக்காளி அனுப்பினால், அங்கே அதைக் கையில் எடுப்பவர் கமிஷன் ஏஜென்ட். அவரையும் வாங்குபவர் என்று எழுதிவிடுகிறார்கள். இந்த நாட்டின் மொத்தச் சந்தைகளில் ஏஜென்ட் சரக்கை வாங்குவதில்லை. விவசாயியின் சார்பில் விற்றுக்கொடுத்து, விற்ற விலையில் ஒரு சதவீதத்தைக் கமிஷனாகப் பிடித்துக்கொள்கிறார். ஆக அவர் விவசாயிக்கு ஒரு சேவை விற்கிறார். "இரண்டே ஏஜென்ட்கள் மிஞ்சினார்கள், இருவரும் கமிஷனை ஏற்றினார்கள்" என்று வந்தால், அது சரக்கோ சேவையோ தருபவரின் பலம். பணம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தாலே போதும்: விவசாயி யாருக்குக் கொடுக்கிறாரோ அவர் தருபவர், யார் விவசாயிக்குக் கொடுக்கிறாரோ அவர் வாங்குபவர். ஏஜென்ட் கையிலிருந்து பணம் வருவதுபோலத் தெரிந்தாலும், அது வேறொருவர் கொடுத்த பணம்.

தருபவர் பலத்தில் மற்றபடி பெரிய குழப்பமில்லை. விவசாயி தண்ணீர் மோட்டாருக்கு எஸ்காம் மின்சாரத்தைத்தான் நம்பியிருக்கிறார், கட்டணம் ஏறினால் கட்டியே ஆக வேண்டும் என்று வந்தால் அதுவேதான். கட்டணத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி தர வேண்டும் என்பதால் சிலர் அரசாங்கம் என்று எழுதுகிறார்கள். ஐந்தில் அப்படி ஒரு விசையே இல்லை. அரசாங்கம் எதைச் செய்தாலும் இந்த ஐந்தில் ஒன்றின் வழியாகத்தான் லாபத்தைத் தொடும் என்பது போர்ட்டரின் நிலை.

அடுத்த ஜோடி, மாற்றுப் பொருளா, போட்டியாளரா? "புதுத் தக்காளி விலை ஏறியதும் வீடுகளில் டின் தக்காளிக்கு மாறினார்கள். மீன் கறிக்குப் புளியைக் கூட்டித் தக்காளியைக் குறைத்தார்கள்." புளி விஷயத்தில் சண்டையே இல்லை. வேறு பொருள், ஆனால் புளிப்பு என்ற அதே வேலையைச் செய்கிறது. அது மாற்றுப் பொருள். டின் தக்காளிதான் வம்பு. அதுவும் தக்காளிதானே!

விடை டின்னுக்குள் இல்லை, துறைக்கு நீங்கள் போட்ட எல்லையில் இருக்கிறது. துறை என்பது புதுத் தக்காளி விளைவிப்பது என்றால், டின் வெளியே இருக்கிறது, மாற்றுப் பொருள். தக்காளிப் பொருட்கள் எல்லாம் சேர்ந்ததுதான் துறை என்றால் டின் கம்பெனி போட்டியாளர். கேள்வி யாரைப் பற்றிப் பேசுகிறது என்பதை முதல் வரியிலேயே அடிக்கோடிடச் சொல்வது இதற்காகத்தான். விவசாயியின் கதை என்றால் எல்லை பண்ணைதான். இன்னொரு தடயமும் உண்டு. மாற்றுப் பொருள் பேசப்படும் இடத்தில் பெரும்பாலும் ஒரு உச்சவரம்பு தெரியும்: இந்த விலைக்கு மேல் போனால் ஆட்கள் வேறு வழி பார்ப்பார்கள் என்று. போட்டியாளர் விஷயத்தில் அந்த வரம்பு தேவையில்லை. பக்கத்துக் கடைக்காரர் 1 ராண்ட் குறைத்தாலே போதும், கூட்டம் அங்கே போய்விடும்.

மூன்றாவது ஜோடியில், புதிதாக நுழைவோரா, ஏற்கெனவே இருக்கும் போட்டியா என்பதைக் காலம்தான் தீர்க்கும். டர்பன் வார்விக்கில் இருக்கும் எர்லி மார்னிங் மார்க்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் அந்த இடத்தில் மால் கட்ட மாநகராட்சி திட்டம் போட்டது, வியாபாரிகள் எதிர்த்தார்கள், மால் எழும்பவில்லை. அந்த நாட்களில் இடப் பிரச்சினை தவிர, அந்த வியாபாரிகளுக்கு இருந்த வியாபாரப் பயம் என்ன? மாலுக்குள் ஒரு சூப்பர்மார்க்கெட் வந்து காய்கறி விற்கும் என்பது. இன்னும் வரவில்லை, வரக்கூடும். அது நுழைவோர் அச்சுறுத்தல். மால் கட்டி, கடை திறந்து, அன்றைக்கே வெங்காயத்துக்குத் தள்ளுபடி போட்டிருந்தால் அதே கடை உள்போட்டியாகியிருக்கும். வினைச்சொல் எந்தக் காலத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

இங்கே நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையும் தடுக்கும் ஒரு கேள்வி வகை இருக்கிறது. "மாலின் முக்கியக் கடையான சூப்பர்மார்க்கெட், வேறு மளிகைக் கடைக்கு இடம் தரக்கூடாது என்று கட்டட உரிமையாளரோடு குத்தகையில் எழுதி வாங்கியிருக்கிறது." இந்த நாட்டில் இப்படிப்பட்ட குத்தகைகள் நிஜமாகவே இருந்தன, போட்டி ஆணையம் மளிகைச் சில்லறை வியாபாரத்தை விசாரித்து 2019இல் வெளியிட்ட இறுதி அறிக்கையில் அவற்றைக் கைவிடச் சொன்னது. விடை என்ன? இடம் தருபவர் வருவதால் தருபவர் பலம் என்கிறார்கள் சிலர். ஆனால் கட்டட உரிமையாளர் இங்கே எதையும் சூப்பர்மார்க்கெட்டிடமிருந்து பிடுங்கவில்லை, விட்டுக்கொடுத்திருப்பவரே அவர்தான். அந்த வரி பேசுவது வாசலைப் பற்றி. வாசல் பூட்டப்பட்டிருக்கிறது, ஆகவே நுழைவோர் அச்சுறுத்தல் குறைவு. எந்த விசை என்று கேட்டால், பலமாக இருக்கும் விசையைத்தான் சொல்ல வேண்டும் என்று எங்கும் இல்லை. பலவீனமாக இருப்பதையும் வரி சுட்டிக்காட்டலாம். பூட்டு, உரிமம், பெரிய முதலீடு, பெயர் பெற்ற பிராண்ட் என்று எது வந்தாலும் முதலில் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இரண்டு விசைகள் கலந்து வரும் வரிகள். "லிம்போபோவின் பெரிய பண்ணைகளிலிருந்து லாரி லாரியாகத் தக்காளி டர்பனுக்கு வருகிறது. நம் விவசாயி தன் பெட்டி விலையைக் குறைத்தார். இதற்கிடையில் சங்கிலி ஒன்று, தக்காளியைத் தட்டில் அடுக்கிப் பிளாஸ்டிக் சுற்றித் தர வேண்டும், செலவு விவசாயியுடையது, பணம் அறுபது நாள் கழித்து என்று சொல்லிவிட்டது."

முதல் பாதியில் லிம்போபோ லாரியைப் பார்த்ததும் நுழைவோர் என்று கை போகும். வெளியூர் சரக்கு என்பதால் அது புதியது ஆகிவிடாது. லிம்போபோவில் தக்காளி விளைவது இன்று நேற்றல்ல; துறை தென்னாப்பிரிக்கத் தக்காளி என்றால் அவர்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள். "இந்த ஆண்டுதான் தக்காளிக்கு இறங்கியிருக்கிறார்கள்" என்று ஒரு சொல் இருந்தால் மட்டும் நான் மாற்றி யோசிப்பேன். இல்லாதவரை உள்போட்டி, எடுத்துக்காட்ட வேண்டிய வரி "தன் பெட்டி விலையைக் குறைத்தார்" என்பது.

இரண்டாம் பாதியில் விலை என்ற சொல்லே வரவில்லை என்பதால் பலர் ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். வாங்குபவர் பலம் எப்போதும் விலையைக் குறைத்துத்தான் காட்ட வேண்டும் என்பதில்லை. அடுக்கும் கூலி, பிளாஸ்டிக், அறுபது நாள் காத்திருப்பு, விற்காத பெட்டியைத் திருப்பி அனுப்புவது, இவை எல்லாம் விலையைத் தொடாமலே விவசாயியின் லாபத்தைச் சங்கிலியின் பக்கம் நகர்த்துகின்றன. அந்தத் தட்டை அடுக்கும் செலவு யார் கணக்கில் போகிறது என்பதுதான் இங்கே சாட்சி. "செலவு விவசாயியுடையது" என்ற சொற்களை அப்படியே எடுத்து எழுத வேண்டும்.