எக்ஸ்சேஞ்சில் 10,700 என்றார்கள், வாசலில் 4,100 ஆனது

சேலத்தில் ஆன்லைனில் புது போன் வாங்கி, பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்க நினைப்பவர்கள் ஆர்டர் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. இதே மாதிரி ஆனதாகப் பக்கத்துத் தெருவிலும் இரண்டு பேர் சொல்கிறார்கள்.

மகளுக்கு 24,999 ரூபாயில் ஒரு போன் பார்த்திருந்தோம். என் வீட்டுக்காரருடைய பழைய போனைக் கொடுத்தால் 8,700, எக்ஸ்சேஞ்ச் போனஸ் 2,000, ஆக மொத்தம் 10,700 கழியும் என்று ஆப்பில் காட்டியது. மீதி 14,299 மட்டும் டெலிவரியின்போது கொடுத்தால் போதும். அதற்காக ஆப் கேட்டது கொஞ்சம்தான். மாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டும், *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண்ணைப் போட வேண்டும், போன் ஆன் ஆகிறதா, ஸ்கிரீன் உடையாமல் இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு ஆம், இல்லை சொல்ல வேண்டும். போன் ஆன் ஆகும், ஸ்கிரீனில் ஒரு கீறல்கூடக் கிடையாது. அப்படியே பதில் சொன்னோம்.

டெலிவரிக்கு வந்த தம்பி புது போன் பெட்டியைப் பையிலேயே வைத்துக்கொண்டு முதலில் பழைய போனைத்தான் கேட்டார். அவரிடம் வேறு ஒரு ஆப் இருந்தது. அதில் இருந்த கேள்விகள் நாங்கள் பதில் சொன்ன கேள்விகளைப் போலப் பல மடங்கு. ஸ்பீக்கர், மைக், கேமரா கண்ணாடி, சார்ஜ் போடும் இடம், கைரேகை, வைஃபை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியாக, போனின் வெளிச்சத்தை முழுசாக ஏற்றி, ஸ்கிரீன் முழுக்க வெள்ளையாக ஒரு படத்தைத் திறந்து, சாய்த்துப் பிடித்தார். "அக்கா, இங்க பாருங்க, மேல ஓரத்துல லேசா ஷேடு இருக்குதுங்க." உற்றுப் பார்த்தால் கட்டை விரல் நகம் அளவுக்கு மங்கலாக ஒரு திட்டு தெரிந்தது. மூன்று வருடம் தினமும் கையில் வைத்திருந்தவருக்கே அது தெரியாது. அடுத்து, கீழ் மூலையில் கவர் மறைத்திருந்த ஒரு சின்ன நசுங்கல்.

இரண்டையும் டிக் செய்து போட்டோ எடுத்து அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் புது விலை வந்தது. டிஸ்ப்ளேவுக்கு 3,400 கழிவு, பாடிக்கு 1,200 கழிவு, மீதி 4,100. சொன்ன நிலையில் போன் இல்லாததால் போனஸ் 2,000-மும் கிடையாதாம். 14,299 கொடுக்க வேண்டிய இடத்தில் இப்போது 20,899. ஆர்டரை ரத்து செய்தாலும் ஆஃபர் முடிந்துவிட்டதால் அதே விலைக்குத் திரும்ப வாங்க முடியாது.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. "நான் விலை போடறதில்லைங்க அக்கா. நான் சரின்னு வாங்கி, குடோன்ல குறை இருக்குன்னு வந்தா என் கணக்குல பிடிச்சுடுவாங்க" என்றார். அவர் செய்வது டிக் அடிப்பது மட்டும். கணக்கு போடுவது ஆப். அந்தக் கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. ஆர்டர் போடும்போது நமக்குக் காட்டுவது, ஒரு குறையும் இல்லாத போனுக்கு உள்ள உச்ச விலை. பொடி எழுத்தில் 'வரை' என்று ஒரு சொல் ஒட்டியிருக்கும். வாசலில் நடப்பதுதான் உண்மையான மதிப்பீடு. இந்தப் போன்களை மொத்தமாக வாங்கிப் பழுது பார்த்து விற்பவர்கள், ஷேடு லேசாக இருந்தாலும் டிஸ்ப்ளேவையே மாற்ற வேண்டியது என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் நகம் அளவு திட்டுக்கும் முழு டிஸ்ப்ளே மாற்றும் செலவு கழிகிறது. இது நியாயமான வியாபாரமாகவே இருக்கட்டும். ஆனால் அந்த வெள்ளைத் திரைச் சோதனையைப் பற்றி ஆர்டர் போடும்போதே ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? பணம் பேசும்போது இரண்டு கேள்வி, பொருளை எடுக்கும்போது இருபது கேள்வி என்பது ஏமாற்று வேலைதான்.

இன்னொன்று. டெலிவரிக்கு முந்தின நாள் வந்த மெசேஜில், போனில் உள்ளதை எல்லாம் அழித்து, லாக் எடுத்து, தயாராக வைத்திருங்கள் என்று இருந்தது. மகளும் அப்படியே செய்துவிட்டாள். பழைய போன் காலி, சிம் கையில், புது போன் அவர் பையில். இந்த நிலையில் யாருக்கும் 'வேண்டாம்' என்று சொல்ல மனசு வராது. அவர்கள் விலையைக் குறைக்கும் நேரம் அது. ஏற்காட்டில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கு அங்கே எக்ஸ்சேஞ்ச் காட்டாததால், அஸ்தம்பட்டியில் அண்ணன் வீட்டு விலாசத்துக்கு ஆர்டர் போட்டிருந்தார். வேலையை விட்டு மலையிலிருந்து இறங்கி வந்தவர், குறைத்த விலைக்கே தலையாட்டிவிட்டுப் போனார்.

நாங்கள் எக்ஸ்சேஞ்சை மட்டும் மறுத்துவிட்டு, 24,999-ஐயும் யுபிஐ-யில் கட்டிப் புது போனை வாங்கிக்கொண்டோம். பழைய போனைப் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் செகண்ட் ஹேண்ட் கடையில் காட்டினோம். கடைக்காரரும் அந்த ஷேடைப் பார்த்தார். "இது பரவாயில்லைங்க, அப்படியே ஓடும்" என்று 6,500 கொடுத்தார். அவர் டிஸ்ப்ளே மாற்றாமல் நேராக இன்னொருவருக்கு விற்கிறார், அதுதான் வித்தியாசம். ஆக, புது போனுக்கு எங்கள் கையை விட்டுப் போனது 18,499. வாசலில் ஒத்துக்கொண்டிருந்தால் 20,899.

ஆகவே ஆர்டர் போடும் முன்பே உள்ளூர்க் கடை ஒன்றில் விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே வந்தால் யோசிக்காமல் மறுக்கலாம். இருட்டு அறையில் வெளிச்சத்தை முழுசாக வைத்து வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். பல சாம்சங் போன்களில் *#0*# அடித்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகத் திரையைக் காட்டும். திட்டு, கோடு, புள்ளி எல்லாம் அதில் தெரிந்துவிடும். கவரைக் கழற்றி நான்கு மூலையையும் தடவிப் பாருங்கள். ஏதாவது இருந்தால் ஆப்பில் காட்டும் தொகையை நம்பிக் கணக்கு போடாதீர்கள்.

போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் முந்தின நாளே பேக்கப் எடுத்துவிடுங்கள். ஆனால் அழிப்பதை மட்டும் டெலிவரி ஆள் வந்து, கடைசி விலை அவர் திரையில் தெரிந்த பிறகு அவர் எதிரிலேயே செய்யுங்கள். சில நிமிட வேலைதான். ஆண்ட்ராய்டு என்றால் அழிக்கும் முன் செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அழித்த பிறகும் போன் பழைய கணக்கைக் கேட்டு நிற்கலாம், அப்படி நின்றால் அதைக் காட்டியே எடுக்க மாட்டார்கள். எதற்கு எவ்வளவு கழித்தார்கள் என்ற திரையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், போட்டோ எடுங்கள். ஓடிபி சொன்னால் அந்த விலைக்குச் சம்மதம் என்று ஆகிவிடும். தொகையைப் பார்க்காமல் சொல்லாதீர்கள்.

புகாரை முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததாக ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆர்டர் போட்ட நாளில் காட்டிய தொகையின் ஸ்கிரீன்ஷாட், வாசலில் காட்டிய கழிவின் போட்டோ, இரண்டும் கையில் இருக்க வேண்டும். நான் இரண்டையும் வைத்துத்தான் புகார் அனுப்பியிருக்கிறேன்.

கடையில் விற்பவர்களும் ஐஎம்இஐ எண், தேதி, தொகை எழுதிக் கடை முத்திரை போட்ட ரசீது வாங்காமல் வரவேண்டாம். அந்தப் போனை நாளைக்கு யாராவது தப்பான காரியத்துக்குப் பயன்படுத்தினால், போன் அப்போது நம் கையில் இல்லை என்று காட்ட அந்த ரசீது வேண்டும்.